கண்மாய் ஒன்று, கேள்வி இரண்டு

மதுரை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி எனக்கும் உண்டு. ஆனாலும் வண்டியூர் கண்மாய்க்கரை நடையை விடவில்லை. மலர்விழி சென்ற வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். இங்கிலாந்தில் ஒரே பல்கலைக்கழகத்தில் நீர்வளம், தொலையுணர்வு என்று இரண்டு முதுநிலைப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். அங்கே அதற்கு அனுமதி இருக்கிறது என்று பார்த்துவிட்டாள். ஸ்டான்ஃபோர்டு போன்ற இடங்களில் ஆண்டுக்கு ஒரு முதுநிலைப் படிப்புக்குத்தான் பொதுவாக விண்ணப்பிக்க முடியும்.

அவள் காட்டிய நோக்க அறிக்கைகள் இரண்டிலும் துறைப் பெயரும் பேராசிரியர் பெயரும்தான் வேறு. ஒரு பத்தியை அங்கிருந்து எடுத்து இங்கே வைத்தாலும் பொருந்தியது. அப்படிப் பொருந்தினால் அது நகல்தான். சொற்களை மாற்றிப் பயனில்லை.

ஆய்வேடு ஒன்றுதானே, இரண்டாவதற்கு எங்கே போவேன் என்றாள். அவள் ஆய்வு, கண்மாய்களின் நீர்ப்பரப்பு எப்படிச் சுருங்கியது என்பது. வேலையில் எங்கே முட்டிக்கொண்டு நின்றாய் என்று கேட்டேன். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர் என்றாள். சிறிய கண்மாயின் விளிம்பு அதில் கரைந்துபோகிறது. ஆகாயத்தாமரை மூடிய தண்ணீர் செடியாகவே பதிவாகி, நிறைந்த கண்மாயும் சுருங்கியதாகத் தெரிகிறது. தொலையுணர்வு அறிக்கை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்: செடி மூடிய தண்ணீரையும் உண்மையாகவே சுருங்கிய கண்மாயையும் பிரித்தறிய எந்த முறை வேண்டும், அதை அந்தப் படிப்பின் எந்தப் பாடம் தரும்.

நீர்வளத்துக்கு எழுதும்போது செயற்கைக்கோளுக்கு ஒரு வரி போதும். பரப்பு தெரிந்தது, ஆழம் தெரியவில்லை. வண்டல் எவ்வளவு என்று தெரியாமல் கொள்ளளவைச் சொல்ல முடியவில்லை. கண்மாய் நிறைந்தும் பக்கத்துக் கிணறுகளில் சிலவற்றில்தான் மட்டம் ஏறியது, ஏன்? இதைப் பிடித்துக்கொண்டு எழுதட்டும். ஒன்றைத் திருத்தி மற்றொன்றை ஆக்காமல், வெற்றுத்தாளில் தொடங்கச் சொன்னேன். பட்டம், மதிப்பெண், ஊர் பற்றிய இரண்டு வரிகள் ஒன்றுபோல் இருந்தால் குற்றமில்லை.

இன்னொன்று. இரண்டிலுமே ‘என் ஒரே இலட்சியம் இத்துறைதான்’ என்று எழுதியிருந்தாள். இரண்டு படிப்பும் ஒரே துறைக்குள் இருந்தால் இரண்டு கோப்பும் ஒருவர் மேசைக்கே போகக்கூடும். அந்த வரியை அடித்துவிட்டேன். பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியரிடமும் இரண்டு படிப்பையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ‘நீர்வளத்துக்கே பிறந்தவள்’ என்ற கடிதம் தொலையுணர்வுக் குழுவிடம் போனால் அவளுக்குத்தான் நட்டம்.

மூன்றாவதாகப் பொதுக்கொள்கைக்கும் போடலாமா என்கிறாள். மடையை யார் திறக்கிறார்கள், ஆக்கிரமிப்பை யார் அளக்கிறார்கள் என்று ஊரில் ஒருவரிடமும் அவள் கேட்டதில்லை. எழுத அவளிடம் ஒன்றுமில்லை. அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடி என்று நீயும் சொல்.

அன்புடன்,
முத்தையா