ஹீல் இல்லாத சுவருக்கு அடியில் கீ: கொழும்பின் பொறியியலாளர்களுக்கும் அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

கொழும்பில் தாங்கு சுவர்களை வடிவமைத்துக் கையொப்பமிடும் கட்டமைப்புப் பொறியியலாளர்களுக்கும், அந்த வரைபடங்களைப் பார்த்து அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கும், வணக்கம்.

இந்த மடல் ஒரே ஒரு வகைச் சுவரைப் பற்றியது. பத்துப் பேர்ச் காணியில் தொடர்மாடி எழுப்புகிறோம். வாகனத் தரிப்பிடத்துக்காக நிலத்தை மூன்று மூன்றரை மீற்றர் வெட்டி இறக்குகிறோம். வெட்டிய மண்ணைத் தாங்கக் காணி எல்லையிலேயே ஒரு கொங்கிறீற் சுவர் வருகிறது. மறுபக்கம் அயலவரின் காணி, அதற்குள் நாம் போக முடியாது. அதனால் சுவரின் பேஸ் முழுவதும் நம் பக்கமே நீள்கிறது. இப்படிப்பட்ட சுவர்களின் வரைபடங்களில் பேஸுக்கு அடியில் ஒரு கீ, அதாவது சுவர் வழுக்காமலிருக்க மண்ணுக்குள் இறக்கும் கொங்கிறீற் முனை, தொங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். அந்தக் கீயை நம்பிச் சுவரை அனுமதிப்பதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இத்துறையில் இல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. தலைகீழ் ‘T’ வடிவச் சுவரில் நிமிர்ந்து நிற்பது ஸ்டெம், தரைக்குள் கிடப்பது பேஸ். பேஸில் மண்ணைத் தாங்கும் பக்கம் பின்னால் நீளும் பகுதி ஹீல், முன்னால் திறந்த பக்கம் நீளும் பகுதி டோ. ஹீலின் மேல் ஏறி நிற்கும் மண்தான் சுவரை அழுத்திப் பிடித்திருக்கிறது. எந்த மண் தள்ளுகிறதோ அதே மண்ணின் எடையை வைத்தே அதை நிறுத்துகிறோம். கான்டிலீவர் சுவரை மெல்லியதாகக் கட்ட முடிவதற்குக் காரணமும் இதுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். பேஸின் அடியிலிருந்து உச்சி வரை 4 மீற்றர் உயரமான சுவர். முன்பக்கத் தரை பேஸின் அடியிலிருந்து அரை மீற்றர் மேலே. ஸ்டெம் 0.3 மீற்றர், பேஸ் 0.4 மீற்றர் தடிப்பு. பேஸின் அகலம் 2.4 மீற்றர், அதாவது உயரத்தில் 0.6 பங்கு. பாடப்புத்தக வழக்கப்படி டோ 0.6, ஸ்டெம் 0.3, ஹீல் 1.5 மீற்றர் என்று பிரிப்போம். மண்ணின் எடை கன மீற்றருக்கு 18 கிலோநியூட்டன், உராய்வுக் கோணம் 30 பாகை. பேஸுக்கும் மண்ணுக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.45. மேலே வாகனமோ கட்டடமோ இல்லை, மண்ணில் நீர் தேங்கவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் மண் தள்ளும் விசை 48 கிலோநியூட்டன். அது டோ நுனியைச் சுற்றிச் சுவரைக் கவிழ்க்க முயலும் திருப்பம் 64. எதிர்த்து நிற்கும் எடையில் ஸ்டெம் 26, பேஸ் 23, ஹீல் மேல் மண் 97. மொத்தம் 146 கிலோநியூட்டன். இதில் மூன்றில் இரண்டு பங்கு மண் என்பதைக் கவனியுங்கள். கவிழ்வுக்கு எதிரான காப்புக் காரணி, அதாவது எதிர்ப்பைக் கவிழ்க்கும் திருப்பத்தால் வகுத்தால் கிடைப்பது, 3.2 வருகிறது. எடையின் விளைவு பேஸின் நடு மூன்றிலொன்றுக்குள் விழுகிறது, டோவின் கீழ் அழுத்தம் சதுர மீற்றருக்கு 94 கிலோநியூட்டன்தான். வழுக்கலுக்கு மட்டும் 1.37. வழக்கமாகக் கேட்கும் 1.5க்குக் கொஞ்சம் குறைவு. ஹீலை 20 சென்றிமீற்றர் நீட்டினால் மண்ணும் கொங்கிறீற்றுமாக ஏறக்குறைய 15 கிலோநியூட்டன் கூடி 1.51 ஆகிவிடும். கீ தேவையே இல்லை.

இப்போது அதே பேஸைத் திருப்பிப் போடுங்கள். ஹீல் பூச்சியம், டோ 2.1 மீற்றர். கொங்கிறீற் அளவு ஒரு பிடி கூட மாறவில்லை. தள்ளும் விசையும் அதே 48. ஆனால் எடையிலிருந்த 97 கிலோநியூட்டன் மண் காணாமல் போய்விட்டது, மிஞ்சுவது 49. வழுக்கலுக்கு எதிரான உராய்வு வெறும் 22 கிலோநியூட்டன், காப்புக் காரணி 0.46. கவிழ்வுக்கு 1.34.

கவிழ்வைச் சரிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. டோவை நீட்டலாம். பேஸை 3.2 மீற்றர் ஆக்கினால் கவிழ்வுக் காரணி 2ஐத் தொடுகிறது. டோ நீளும்போது நெம்புகோலின் கை நீள்கிறது, அதனால் அந்தக் கணக்குத் தேறிவிடுகிறது. வழுக்கலுக்கு அந்தக் கை உதவாது, எடை மட்டுமே உதவும். 3.2 மீற்றர் பேஸிலும் வழுக்கல் காரணி 0.53ஐத் தாண்டவில்லை. ஏறக்குறையப் பாதி விசைக்கு ஆளே இல்லை என்ற இந்த நிலையில்தான் வரைபடத்தில் கீ தோன்றுகிறது.

கீ வழக்கமாகக் கணக்கில் வரும் விதம் இது. 2.4 மீற்றர் பேஸையே எடுத்துக்கொள்வோம். 1.5 காப்புக்கு 72 கிலோநியூட்டன் தேவை, 22 கையில் இருக்கிறது, 50 குறைகிறது. ஸ்டெமுக்கு நேர் கீழே 0.9 மீற்றர் ஆழக் கீ போட்டால், முன்பக்கத் தரையிலிருந்து கீயின் அடி வரை 1.4 மீற்றர் மண் எதிர்த்து நிற்கும். நெருக்கப்படும் மண் திருப்பித் தள்ளும் செயலற்ற அழுத்தத்தின் குணகம் 3. அதன்படி கிடைப்பது 53 கிலோநியூட்டன். ஆகவே 75ஐ 48ஆல் வகுத்தால் 1.56, ‘போதும்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

இதில் இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. முதலாவது, கீ இறங்கும் ஆழத்துக்குப் பின்பக்க மண்ணும் சேர்ந்து தள்ளும். ஹீல் இல்லாத சுவரில் கீயின் முதுகும் ஸ்டெமின் முதுகும் ஒரே கோட்டில் இருக்கின்றன. எனவே தள்ளும் உயரம் இனி 4 மீற்றர் இல்லை, 4.9 மீற்றர். விசை உயரத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் 48 என்பது 72 ஆகிறது. 75ஐ 72ஆல் வகுத்தால் 1.04. எதிர்ப்பைக் கூட்டப் போட்ட கீ, தள்ளலையும் பாதியளவு கூட்டிவிட்டது.

இரண்டாவது, முன்பக்க மண் அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கை. அந்தச் சுவரின் காலடியில் என்ன வரப்போகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். மழைநீர்க் கான், மலக்குழிக்கான குழாய், மின்கம்பிக் குழாய் எல்லாம் சுவரோரமாகத்தான் ஓடும். கான் வெட்ட வருகிறவருக்கு அந்த அரை மீற்றர் மண் சுவரைப் பிடித்து நிற்கிறது என்று யார் சொல்வது? அந்த மண் போனால் பேஸ் மட்டத்துக்குக் கீழே கீயின் முன்னால் மட்டும் எதிர்ப்பு மிஞ்சும், அது 22 கிலோநியூட்டன் அளவு. காரணி 0.6க்குப் போய்விடும். எதிர்பாராத தோண்டலுக்காக ஐரோப்பிய நிலப் பொறியியல் விதிநூலான யூரோகோட் 7 தாங்கும் உயரத்தின் 10 சதவீதத்தை, அதிகபட்சம் அரை மீற்றரை, முன்பக்க மட்டத்திலிருந்து குறைத்துக் கணிக்கச் சொல்வது இதனால்தான். கான் வரும் என்று ஏற்கனவே தெரிந்த இடத்தில் அந்தக் கழிவு போதாது, கானின் உண்மையான ஆழத்தையே கழிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பின்பக்க மண் தன் தள்ளும் விசையை முழுதாகக் காட்டச் சுவர் சில மில்லிமீற்றர் நகர்ந்தாலே போதும். முன்பக்க மண் தன் முழு எதிர்ப்பைக் காட்டுவதற்குச் சுவர் அதைவிடப் பல மடங்கு நகர வேண்டும். அதற்குள் அயலவர் மதிலில் வெடிப்பு விழுந்துவிடும். அனுபவமுள்ள பொறியியலாளர்கள் செயலற்ற அழுத்தத்தில் பாதியை மட்டும் எடுப்பதற்குக் காரணம் இந்த நகர்வுதான்.

கீ வேண்டாத பொருள் என்று நான் சொல்லவில்லை. ஹீல் உள்ள சுவரில் 1.37ஐ 1.5 ஆக்க இடநெருக்கடி இருந்தால், அரை மீற்றர் ஆழத்துக்கு ஒரு கீ நல்ல உதவி. அதை ஸ்டெமுக்குக் கீழே வைத்தால் ஸ்டெம் கம்பிகளையே கீழே இறக்கி நங்கூரமிடலாம். ஹீலின் பின்நுனியில் வைத்தால் பேஸுக்கு அடியிலுள்ள மண்ணும் சேர்ந்து எதிர்க்கும். டோ நுனியில் மட்டும் வைக்காதீர்கள், முதல் கான் வெட்டோடு அது வெளியே தெரியும். எங்கே வைத்தாலும் கலையாத மண்ணில் நேராக வெட்டி, அந்த வெட்டுமுகத்தோடு ஒட்ட வார்க்க வேண்டும். அகலமாகத் தோண்டிப் பலகை அடித்து, பிறகு தளர்ந்த மண்ணைப் போட்டு நிரப்பினால் அந்தக் கீ பலமாக எதையும் அழுத்தாது. செம்பூரான் மேட்டு நிலத்தில் இப்படி நேராக வெட்ட முடியும். சதுப்பு மண்ணிலும் கடலோர மணலில் நீர் மட்டத்துக்குக் கீழும் வெட்டுமுகம் நிற்காது, அங்கே கீ வரைவதில் பொருளில்லை.

அப்படியானால் எல்லைச் சுவருக்கு என்ன செய்வது? முதல் வழி, சுவரை நம் காணிக்குள் 1.5 மீற்றர் தள்ளி வைத்து ஹீலுக்கு இடம் கொடுப்பது. 20 மீற்றர் நீளச் சுவருக்கு இது 30 சதுர மீற்றர் தரிப்பிடத்தை எடுத்துவிடும், ஒரு பேர்ச்சுக்கும் மேல். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், அது எனக்கும் தெரியும். இரண்டாவது வழி, பேஸைத் தரிப்பிடத் தரைத் தளத்தோடும் கட்டடத்தின் அத்திவாரத்தோடும் கம்பியால் கட்டி, குறைகிற 50 கிலோநியூட்டனைத் தரைத் தளமே முட்டுக்கொடுத்துத் தாங்கும்படி வடிவமைப்பது. இதைச் செய்தால் கீ வேண்டாம், டோ மட்டும் கவிழ்வுக்காக நீள வேண்டும். தளம் வார்க்கும் வரை தற்காலிக முட்டு கட்டாயம் என்பதை வரைபடத்திலேயே எழுத வேண்டும், ஏனென்றால் அதற்கு முன் அந்தச் சுவரின் காரணி 0.5தான். வெட்டு இன்னும் ஆழமானால் துளைத்தூண் சுவருக்குப் போவதே சரி.

நீரை நான் இதுவரை தொடவில்லை. மேலே சொன்ன எல்லாம் உலர்ந்த மண்ணின் கணக்கு. வைகாசி மழையிலோ ஐப்பசி மழையிலோ சுவருக்குப் பின்னால் நீர் உச்சி வரை நின்றால், தள்ளும் விசை 48இலிருந்து 100 கிலோநியூட்டனுக்குப் போகிறது. ஹீல் உள்ள நல்ல சுவரே அப்போது 0.66இல் நிற்கும், பேஸின் அடியில் நீர் மேல்நோக்கித் தூக்குவதைச் சேர்க்காமலே. அதனால் வடிகட்டித் துணி சுற்றிய சல்லியும், அடியில் துளையிட்ட குழாயும், அதற்கு வெளியேறும் இடமும் வரைபடத்தில் இருக்க வேண்டும். எல்லையில் ஒட்டிக் கட்டும் சுவருக்குப் பின்னால் சல்லி போட இடமே இருப்பதில்லை. அந்த இடத்தில் நீரழுத்தத்தையும் சேர்த்தே கணிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிதல்ல. சுவரின் குறுக்குவெட்டில் எல்லைக் கோட்டையும் கானையும் வரையச் சொல்லுங்கள். கணக்கில் எடுத்த ஹீல் நீளமும் வரைபடத்தில் உள்ள ஹீல் நீளமும் ஒன்றா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். வழக்கமான சுவரின் கணக்குத்தாளை எல்லைச் சுவருக்கு இணைத்து வரும் கோப்புகள் இதிலேயே பிடிபடும். கீ இருந்தால், அதன் அடி வரையான பின்தள்ளலோடும் கான் ஆழம் கழிந்த முன்பக்கத்தோடும் வழுக்கல் காரணியைத் தனியாகக் கேளுங்கள். கம்பியையும் ஒரு தடவை பாருங்கள். ஹீல் தட்டில் முக்கியக் கம்பி மேலே வரும், டோ தட்டில் கீழே வரும். பேஸைத் திருப்பியவர் கம்பியைத் திருப்ப மறந்த வரைபடம் ஒன்று அண்மையில் என் மேசைக்கு வந்தது.

ஏற்கனவே கட்டி முடித்த சுவர்களைப் பார்க்கப் போகும்போது ஸ்டெமில் தூக்குக்குண்டு பிடியுங்கள். சுவர் நேராக நின்று, பின்னால் அயலவர் நிலத்தில் சுவரோரமாக நீள வெடிப்பும், முன்னால் கானின் பக்கச்சுவர் உள்வாங்கியும் மூடி நெரிபட்டும் இருந்தால் அது வழுக்கல். உச்சி முன்னால் சாய்ந்திருந்தால் கவிழ்வு அல்லது டோவின் கீழ் மண் இறங்கியது. இரண்டு பகுதிகளுக்கிடையிலான இணைப்பில் ஒன்று மற்றதைவிட முன்னே வந்திருந்தால் அளவைச் சுவரிலேயே குறித்துத் திகதி போடுங்கள், அடுத்த பெருமழைக்குப் பின் மறுபடி அளவெடுங்கள். அளவு கூடியிருந்தால் கானை மூடி நிரப்பி, தளத்திலிருந்து முட்டு கொடுத்த பிறகே மற்றதைப் பேச வேண்டும்.

இப்படிக்கு,
கொழும்பிலிருந்து ஒரு கட்டமைப்புப் பொறியியலாளர்