புகார்: தவறான விடைக்குறிப்பால் குறைக்கப்பட்ட மார்க், ரேண்டம் அல்காரிதம் எழுத்துத் தேர்வு

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மற்றும் விடைத்தாள் திருத்தும் குழு

பொருள்: குவிக்செலக்ட், ரிசர்வாயர் சாம்ப்ளிங் வினாக்களின் விடைக்குறிப்பில் உள்ள பிழைகளைத் திருத்தி, விடைத்தாள்களை மறுபடி மதிப்பிடக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் மாதிரித் தேர்வுத் தொடருக்கு முழுக் கட்டணமும் கட்டிப் படித்து வருகிறேன். விரிவாக எழுதும் விடைகளை ஆள் வைத்துத் திருத்திக் கொடுக்கிறீர்கள் என்பதற்காகத்தான் உங்களிடம் சேர்ந்தேன். அல்காரிதம் தாளில் குவிக்செலக்ட் வினாவுக்கு எனக்கு 10-க்கு 4 போட்டிருக்கிறீர்கள். மார்க் குறைந்ததோடு போயிருந்தால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். விடைத்தாளோடு வந்த விடைக்குறிப்பே தவறு. அதைப் படிக்கும் எல்லோரும் அதையே உண்மையான தேர்விலும் எழுதுவார்கள்.

வினா இது: n எண்கள் உள்ள பட்டியலில் k-வது சிறிய எண்ணைக் குவிக்செலக்ட் கண்டுபிடிக்க எதிர்பார்க்கப்படும் நேரம் O(n) என்று நிறுவுக. குவிக்செலக்ட் ஒரு எண்ணைப் பிவட்டாக எடுத்து, மற்ற எண்களை அதோடு ஒப்பிட்டுச் சிறியவை, பெரியவை என்று பிரித்து, தேடும் எண் இருக்கும் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதையே மறுபடி செய்யும். பிவட் ரேண்டமாக எடுக்கப்படும், எண்கள் எல்லாம் வேறுவேறு என்று வினாவிலேயே இருக்கிறது.

உங்கள் விடைக்குறிப்பு சொல்வது: "பிவட் சராசரியாக நடுவில் விழும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் பாதி கழிந்துவிடும். T(n) = T(n/2) + n, அதாவது 2n."

பிவட்டின் இடம் சராசரியாக நடு என்பது சரி. ஆனால் மிச்சம் பாதி என்று அதிலிருந்து வராது. 101 எண்களில் 51-வதைத் தேடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிவட் 10-வது எண்ணாக வந்தால் 11 முதல் 101 வரை 91 எண்கள் மிச்சம். 92-வதாக வந்தால் 1 முதல் 91 வரை, மறுபடியும் 91. இந்த இரண்டு இடங்களின் சராசரி மிகச் சரியாக 51. ஆனால் இரண்டு தடவையும் மிச்சமிருப்பது 50 அல்ல, 91. பிவட் இந்தப் பக்கம் தள்ளிப்போனாலும் அந்தப் பக்கம் தள்ளிப்போனாலும் நட்டம்தான். ஒரு பக்க நட்டத்தை மறுபக்கம் ஈடுகட்டாது. முதலில் இடத்துக்குச் சராசரி எடுத்துவிட்டு அப்புறம் நேரத்தைக் கணக்கிடுவதும், ஒவ்வொரு இடத்துக்கும் நேரத்தைக் கணக்கிட்டுவிட்டுச் சராசரி எடுப்பதும் ஒன்றல்ல. வினா கேட்பது இரண்டாவதை.

விடைக்குறிப்பின் முடிவான 2n-உம் பொய்யாகிறது. நடு எண்ணைத் தேடும்போது எதிர்பார்க்கப்படும் ஒப்பீடுகள் பெரிய n-க்கு ஏறக்குறைய 2(1 + ln 2)n, அதாவது 3.39n. O(n) என்ற கடைசி வரி பொருந்துகிறது என்பதற்காக இதை நிரூபணம் என்று ஏற்க முடியாது.

நான் எழுதியது வேறு வழி. வரிசைப்படுத்தினால் நடுப் பாதியில் வரும் எண்ணை நல்ல பிவட் என்று வைத்துக்கொண்டேன். மேலே சொன்ன 101 எண்களில் 26 முதல் 76 வரை உள்ள எதுவும் நல்லது. அவை 51 எண்கள், பாதிக்குச் சற்றே அதிகம். அதில் எது விழுந்தாலும் மிச்சம் 75-ஐத் தாண்டாது, அதாவது நாலில் மூன்று பங்குக்குள் அடங்கிவிடும். நல்ல பிவட் விழும் வாய்ப்பு ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது பாதி. ஆகவே ஒன்று கிடைக்கச் சராசரியாக இரண்டு சுற்றுக்கு மேல் ஆகாது. கெட்ட பிவட் விழுந்தாலும் பட்டியல் பெருத்துவிடாது, அந்தச் சுற்றின் செலவு மட்டும் வீண். முதல் கட்டத்தின் செலவு சராசரியாக 2n-க்குள், அடுத்தது அதில் முக்கால், அதற்கடுத்தது அதிலும் முக்கால். மொத்தம்:

```
2n (1 + 3/4 + 9/16 + ...) = 8n
```

8 என்பது தாராளமான எண்தான். ஆனால் வினா கேட்டது O(n). அதற்கு இந்த நிரூபணம் ஓட்டையில்லாமல் போதும்.

திருத்தியவர் இதன் ஓரத்தில் "உள்ளீடு ரேண்டம் வரிசையில் உள்ளது என்று குறிப்பிடவில்லை" என்று எழுதி மார்க்கைக் குறைத்திருக்கிறார். இந்தக் குறிப்புதான் என்னை மிகவும் வருத்தியது. அப்படி எழுதாமல் விட்டதுதான் சரி. ரேண்டம் என்பது அல்காரிதம் தானே எடுக்கும் பிவட்டில் இருக்கிறது, வரும் பட்டியலில் இல்லை. பட்டியலை எதிரியே அடுக்கிக் கொடுத்தாலும் அந்த 8n நிற்கும். எப்போதும் முதல் எண்ணையே பிவட்டாக எடுக்கும் நிரலுக்குத்தான் பட்டியல் கலைந்திருக்க வேண்டும். ஏறுவரிசையில் உள்ள 10,000 எண்களில் மிகப் பெரியதைத் தேடச் சொன்னால் அந்த நிரல் சுற்றுக்கு ஒரே ஒரு எண்ணைக் கழித்து, 4,99,95,000 ஒப்பீடுகள் செய்யும். ரேண்டம் பிவட்டுக்கு அதே பட்டியலில் எதிர்பார்ப்பு 80,000-ஐத் தாண்டாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் ரேண்டம் பிவட் எதற்கு என்றே மாணவருக்குப் புரியாமல் போகும்.

அடுத்தது ரிசர்வாயர் சாம்ப்ளிங். மொத்தம் எத்தனை என்று முன்கூட்டித் தெரியாமல் ஒவ்வொன்றாக வரும் பொருள்களில் k-ஐ, எல்லாவற்றுக்கும் சம வாய்ப்போடு தேர்வு செய்யும் முறை அது. உங்கள் விடைக்குறிப்பில் உள்ள நிரல்:

```
R = x[:k]
for i in range(k, n):
    j = random.randint(0, i-1)
    if j < k:
        R[j] = x[i]
```

பைத்தானின் `randint` இரண்டு எல்லைகளையும் சேர்த்துத்தான் எடுக்கும். `x[i]` என்பது (i+1)-வது பொருள், அது உள்ளே வரும் வாய்ப்பு k/(i+1) ஆக இருக்க வேண்டும். எனவே `randint(0, i)` என்றுதான் எழுத வேண்டும். k = 1 என்று வைத்து மூன்று பொருள்களை ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது வரும்போது `randint(0, 0)` எப்போதும் 0, ஆகவே முதல் பொருள் கட்டாயம் வெளியேறும். மூன்றாவது வரும்போது பாதி வாய்ப்பு. முடிவில் மூன்றுக்கும் வாய்ப்பு 0, 1/2, 1/2. தலா 1/3 வந்திருக்க வேண்டும். பெரிய பட்டியலில் ஓட்டினால் முதல் பொருள் மட்டும் வருவதே இல்லை என்பது கண்ணில் படாது. மற்றதெல்லாம் சமமாகவே தெரியும்.

அதே வினாவில் மாற்றங்களின் எண்ணிக்கைக்கு எதிர்பார்ப்பு கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு பொருளும் உள்ளே வரும் வாய்ப்பைக் கூட்டி, ஏறக்குறைய k ln(n/k) என்று எழுதினேன். "நிகழ்வுகள் சார்பற்றவை என்று நிறுவவில்லை" என்று 2 மார்க் போய்விட்டது. எதிர்பார்ப்புகளைக் கூட்டச் சார்பின்மை தேவையே இல்லை, சார்ந்திருந்தாலும் கூட்டலாம்.

ஆகவே நான் கேட்பது: விடைக்குறிப்பில் இந்த இரண்டு விடைகளையும் திருத்தி, இந்தத் தேர்வை எழுதிய எல்லோருக்கும் புதியதை அனுப்புங்கள். இந்த வினாக்களுக்கான விடைத்தாள்களை, என்னுடையதை மட்டுமல்ல, பாடம் தெரிந்த வேறொருவரிடம் கொடுத்து மறுபடி மதிப்பிடுங்கள். என் நிரூபணத்தில் தவறு இருப்பதாக நினைத்தால், எந்த வரியில் என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மீதித் தேர்வுகளுக்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

விடைத்தாளின் நகலையும் கட்டண ரசீதையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தேர்வுத் தொடரின் மாணவி