600 வேண்டாம், 375 போதும்: எங்கள் சைபன் பற்றி ஒரு திறந்த மடல்

வீதி வேலையைப் பொறுப்பெடுத்திருக்கும் பொறியியலாளர்களுக்கும், எங்கள் கண்டத்துக் கமக்காரர் அமைப்பினருக்கும்,

வணக்கம். படுவான்கரையில் நடக்கும் வீதி அகலிப்பு வேலை எங்கள் வயல் வாய்க்காலுக்குக் கிட்ட வந்துவிட்டது. வீதியின் இரண்டு பக்கமும் புதிதாக வடிகான் வெட்டப்போகிறார்கள். வடிகானின் அடி எங்கள் வாய்க்காலின் அடியைவிட ஆழம். ஆகவே வாய்க்கால் இதுவரை பழைய மதகால் போனதுபோல நேராகப் போக முடியாது. ஒரு பக்கம் இறங்கி, வடிகானுக்கும் வீதிக்கும் அடியால் போய், மறுபக்கம் ஏற வேண்டும். இதற்குச் சைபன் போடுவது சரியான முடிவு. அதில் எனக்குப் பிணக்கு இல்லை. வரைபடத்தில் எழுதியிருக்கும் குழாயின் அளவு பற்றித்தான் இந்த மடல். 600 மில்லிமீற்றர், அதாவது 24 அங்குலம் என்று எழுதியிருக்கிறது.

நான் நீர்ப்பாசன வேலையில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது இதே வாய்க்காலின் கடைசியில் நாலு ஏக்கர் செய்கிறேன். குழாய் அடைத்தால் முதலில் காய்வது என் வயல். அதனால் நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

போன கிழமை வட்டவிதானையிடம் இதைச் சொன்னபோது, "அண்ணன், பெரிய குழாய் தாறாங்க, வேணாமெண்டு சொல்ற ஆள் நீங்க மட்டுந்தான்" என்று சிரித்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. குழாய் பெரிதென்றால் தண்ணீர் கூட வரும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதைத் தீர்மானிப்பது மேலே தண்ணீரைத் திறந்துவிடுகிற துருசு. வீதிக்கு அடியில் கிடக்கிற குழாய் வருகிற தண்ணீரை வேகமாகக் கொண்டு போகலாம், மெதுவாகக் கொண்டு போகலாம். அவ்வளவுதான் அதன் கையில் இருக்கிறது. சைபனில் அந்த வேகம்தான் எல்லாமே.

வருகிற தண்ணீர் எவ்வளவு என்று நானே அளந்தேன். நேரான ஒரு துண்டில் 10 மீற்றருக்கு இரண்டு குச்சி நட்டு, ஒரு குரும்பட்டியை மிதக்கவிட்டேன். ஐந்து தரம் விட்டுப் பார்த்ததில் சராசரி 25 செக்கன். மேற்பரப்புத் தண்ணீர் எப்போதும் கொஞ்சம் வேகமாக ஓடும் என்பதால் 0.85 ஆல் பெருக்கினால், செக்கனுக்கு 0.34 மீற்றர். வாய்க்காலின் சராசரி அகலம் 90 சென்ரிமீற்றர், ஆழம் 30. ஆக, செக்கனுக்கு ஏறக்குறைய 90 லீற்றர். பழைய கணக்கில் மூன்று கியூசெக்குக்குச் சற்று மேல்.

இந்த 90 லீற்றரை 600 குழாய்க்குள் விடுங்கள். குழாய் முழுதாக நிரம்பி ஓடும்போது வேகம் செக்கனுக்கு 0.32 மீற்றர்தான். வாய்க்காலில் ஓடுகிற வேகத்தைவிடவும் குறைவு! வாய்க்கால் தூக்கிக்கொண்டு வந்த மணலை அதைவிட மந்தமான குழாய் எப்படிச் சுமந்து, மறுபக்கம் மேலே ஏற்றும்? வண்டல் தங்காமல் இருக்கக் குறைந்தது 0.6 வேண்டும். எங்கள் பக்கம் போல நுண்மணல் வருகிற இடத்தில் 0.8க்கு மேல் இருந்தால் எனக்கு நிம்மதி. மேல் எல்லையும் உண்டு. இரண்டு முனையிலும் மண் வாய்க்காலாக இருந்தால் செக்கனுக்கு ஒரு மீற்றரைத் தாண்டாமல் வைப்பது வழக்கம். கொங்கிறீற்று வாய் கட்டினால் ஒன்றரை வரை போகலாம்.

இதைப் புத்தகக் கணக்கு என்று தள்ளிவிடாதீர்கள். நான் வேலையில் இருந்த காலத்தில், இதே அளவு தண்ணீர் ஓடுகிற இன்னொரு வாய்க்காலில் 600 குழாய்ச் சைபன் ஒன்று இருந்தது. இடத்தையும் ஆட்களையும் சொல்லப் போவதில்லை; படத்தைச் சரிபார்த்தவர்களில் நானும் ஒருவன். முதல் பெரும்போகம் நன்றாக ஓடியது. மூன்றாம் போகத்தில் மேல்பக்கக் கரை வழியத் தொடங்கியது. மேசன்மார் மட்டம் பார்க்கிற தெளிவான பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, வீதிக்குக் குறுக்கே இழுத்து, இரண்டு பக்க நீர்மட்டத்தையும் ஒப்பிட்டோம். வித்தியாசம் 19 சென்ரிமீற்றர். சுத்தமான 600 குழாயில் அந்தத் தண்ணீருக்கு ஒன்று, ஒன்றேகால் சென்ரிமீற்றர்தான் இருக்க வேண்டும். குழாய்க்குள் எட்டிப் பார்க்காமலே அடைப்பு எவ்வளவு என்று சொல்ல இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

சிறுபோகம் முடிந்ததும் பம்ப் வைத்து இறைத்து, ரோர்ச் அடித்துப் பார்த்தோம். மூன்றில் இரண்டு பங்கு இறுகிய மணல். அதற்குள் தேங்காய் மட்டை, போத்தல், பாதி புதைந்த ஒரு யூரியாப் பை. மேலே ஒரு பங்கு மட்டும் திறந்திருந்தது. அன்றைக்கு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்தத் திறந்த பங்கில் ஓடிய வேகம் செக்கனுக்கு 0.95 மீற்றர். அதாவது மணல் படியப் படிய வழி சுருங்கி, வேகம் கூடி, இனிப் படிய முடியாது என்ற இடத்தில் நின்றிருக்கிறது. மிஞ்சிய வழியின் பரப்பு ஏறக்குறைய 350 மில்லிமீற்றர்க் குழாய் ஒன்றின் பரப்பு. நாங்கள் பெரிதாகப் போட்டோம். தண்ணீர் தனக்கு ஏற்ற குழாயைத் தானே செய்துகொண்டது.

அப்படியானால் அது தன்பாட்டில் சரியாகிவிடட்டுமே என்று கேட்கலாம். பிரச்சினை என்னவென்றால், மணல் செய்கிற குழாய் வட்டமாகவும் இருக்காது, ஒரே சீராகவும் இருக்காது. மட்டையும் பையும் குறுக்கே நிற்கும். போகத்துக்கும் போகத்துக்கும் இடையில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது மண் இறுகும். அடுத்த முதல் தண்ணீர் வருகிறபோது அது கரைவதில்லை.

இப்போது எங்கள் இடத்துக்கு வருவோம். வீதிக்கு இந்தப் பக்க நிறைநீர் மட்டத்துக்கும் அந்தப் பக்க மட்டத்துக்கும் 12 சென்ரிமீற்றர் வித்தியாசம் இருக்கிறது, பழைய மதகுக்குக் கீழே இருந்த சின்ன வீழ்ச்சியையும் சேர்த்து. இதுதான் நாம் செலவழிக்கக்கூடிய மொத்தக் காசு. குழாயின் நீளம், வடிகான்களையும் சேர்த்து, 14 மீற்றர்.

375 மில்லிமீற்றர் குழாயில், அதாவது 15 அங்குலத்தில், வேகம் 0.82 மீற்றர். கொங்கிறீற்றுச் சுவரின் உராய்வுக்கு 3.7 சென்ரிமீற்றர் போகும். நுழைகிற இடத்தில் 1.7, வெளியேறுகிற இடத்தில் 3.4, இரண்டு வளைவுக்கும் சேர்த்து 0.7, குப்பை தடுக்கும் கம்பிச் சட்டத்துக்கு ஒன்று. கூட்டினால் பத்தரை. வழக்கம்போல பத்து வீதம் கூட்டி வைத்தால் பதினொன்றரை. 12க்குள் அடங்குகிறது, அரை சென்ரிமீற்றர் மிச்சம். 300 போட்டால் வேகம் 1.27 ஆகி, இழப்பு 26க்கும் மேலே போய்விடும், மேல்பக்கம் வழியும். 450 போட்டால் 0.57. மணல் இல்லாத வாய்க்காலென்றால் ஒத்துக்கொள்வேன், இங்கே இல்லை.

375இன் குறையையும் மறைக்கக் கூடாது. நிலம் பண்படுத்துகிற நாட்களில் துருசைக் கூடத் திறந்து 110 லீற்றர் விட்டால், இழப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 17 சென்ரிமீற்றர் வரும். மேல்பக்கம் 5 சென்ரிமீற்றர் உயரும். அதனால்தான் சைபனுக்கு மேல்பக்கம் ஒரு 15 மீற்றருக்காவது கரையை உயர்த்திக் கேட்கிறேன்: சாதாரணமாக நீர்மட்டத்துக்கு மேலே விடுகிற கரை உயரத்தின் ஒன்றரை மடங்கு. கம்பிச் சட்டத்தில் ஓர் இரவு குப்பை அடைத்தாலும் தண்ணீர் வீதியில் ஏறாமல், வடிகானுக்குப் போக ஒரு தாழ்வான வழிவும் வையுங்கள்.

மறுபக்கம், கமக்காரர் அமைப்புக்கு ஒரு வேண்டுகோள். சிறுபோகக் கடைசியில் தண்ணீர் குறையும்போது எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க 45 லீற்றர் விடுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. அப்போது 375 குழாயிலும் வேகம் 0.41தான். படியும். அதற்குப் பதிலாக முறை வைத்து, ஓடுகிற நேரத்தில் 90 ஐயும் ஓடவிட்டு மற்ற நேரத்தில் மூடிவிட்டால், தண்ணீர் கணக்கு ஒன்றே. குழாய் தானாகக் கழுவப்படும். முறை வைப்பதில் வருகிற சண்டை எனக்கும் தெரியும். இரவு முறை எவருக்கும் பிடிக்காது, யானைப் பயம் வேறு. ஆனாலும் ஆரம்பக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும்.

பொறியியலாளர்களே, 600 ஏன் வந்தது என்று எனக்கு ஓரளவு விளங்குகிறது. வீதிக்கு அடியால் போகிற மதகு என்றால் துப்புரவு செய்ய வசதியாக ஒரு குறைந்தபட்ச அளவு வைப்பீர்கள். மழைநீர் மதகுக்கு அது சரி. அது சாய்வாகக் கிடந்து, மழை விட்டதும் வடிந்துவிடும். சைபன் வடியாது. எப்போதும் வயிற்றில் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கும்.

விதியை மாற்ற முடியாதென்றால், 600 ஐ உறையாகப் புதைத்துவிட்டு, அதற்குள் வெளிவிட்டம் 400 மில்லிமீற்றரான தடித்த பொலிஎதிலீன் குழாயை உருவி விடுங்கள். அதன் உள்விட்டம் 370க்குக் கிட்ட வரும். சுவர் வழுவழுப்பு என்பதால் உராய்வும் குறையும். நாளைக்குப் பழுதானாலும் வீதியை வெட்டாமல் வெளியே இழுக்கலாம். எதைப் போட்டாலும் வீதித் தளத்துக்குக் கீழே 90 சென்ரிமீற்றர் மண் குழாயின் மேல் இருக்கட்டும். மூட்டுகளைச் சாந்து பூசி விட்டுவிடாமல் றப்பர் வளையம் போடுங்கள். உள்ளே அமுக்கம் இருக்கிறது; ஒழுகினால் முதலில் இறங்குவது உங்கள் வீதிதான்.

நுழைகிற பெட்டியில், குழாயின் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்குக் கீழே குறைந்தது 7.5 சென்ரிமீற்றர் அமிழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று இழுத்து 'குளுக் குளுக்' என்று சத்தம் கேட்கும், ஓட்டமும் குறையும். இரண்டு பெட்டிக்குள்ளும் ஒரு ஆள் இறங்கி மண்வெட்டி பிடிக்க இடம் விடுங்கள். அந்த ஆள் அனேகமாக நானாகத்தான் இருப்பேன்.

கொங்கிறீற்றுப் போட முன் ஒரு நாள் காலை வாய்க்காலுக்கு வாருங்கள். மட்டக் குழாயும் குரும்பட்டியும் என்னிடம் இருக்கின்றன. 12 சென்ரிமீற்றர் என்ற என் அளவு பிழையென்றால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் மாறும். அதைச் சேர்ந்து நின்று அளப்போம்.

இப்படிக்கு,
கடைசி வயல்காரன், ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உதவியாளர்