மாஸ்டரின் சம்பளத்தில் கை வைக்கும் முன்: ஓட்டல் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஓட்டல் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

ஓட்டல்களில் சரக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். மாதக் கடைசியில் சரக்குச் செலவு கூடிவிட்டால், அந்தக் கூடுதலை மாஸ்டரின் பெயரிலும் சமையல்கட்டுப் பணியாளர்களின் பெயரிலும் எழுதிச் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கத்தைப் பல இடங்களில் பார்க்கிறேன். சரக்கு வீணாவதும் களவு போவதும் இல்லை என்று நான் வாதிட வரவில்லை. எவ்வளவு வீணானது என்று சொல்லும் கணக்கே பெரும்பாலும் தவறாக இருக்கிறது என்பதையும், அதைச் சரியாகப் போடும் முறையையும் உங்கள் பார்வைக்கு வைக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில், விற்பனையில் சரக்குச் செலவு இத்தனை சதவீதம் என்ற ஒற்றை எண்ணை வைத்து யாரையும் குறை சொல்ல இயலாது. தக்காளி விலை ஏறினாலே அந்த எண் ஏறிவிடும். அதில் சமையல்கட்டின் பங்கு எதுவும் இல்லை. எனவே ஒப்பீட்டை ரூபாயில் தொடங்காமல் கிலோவில் தொடங்க வேண்டும். விற்ற தட்டுகளுக்குச் செய்முறைப்படி எத்தனை கிலோ செலவாகியிருக்க வேண்டும், உண்மையில் எத்தனை கிலோ செலவானது என்ற இரண்டையும் ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எல்லாச் சரக்கையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. அதிகப் பணம் போகும் நான்கைந்து பொருள்களே போதும்.

சிக்கன் 65-ஐ எடுத்துக்கொள்கிறேன். கணக்கு எளிதாக இருக்க எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். ஓர் ஓட்டல் தோல் உரித்த முழுக் கோழியைக் கிலோ 240 ரூபாய்க்கு வாங்கி, சமையல்கட்டிலேயே எலும்பு நீக்கிக்கொள்கிறது. பிரியாணிக் கோழிக்குத் தனிக் கணக்கு. ஒரு தட்டுக்குப் பச்சையாக 180 கிராம் எலும்பில்லாத கறி என்பது செய்முறை. ஒரு வாரத்தில் 400 தட்டுகள் விற்றிருப்பதாகப் பில்லிங் இயந்திரம் சொல்கிறது. அப்படியானால் 72 கிலோ கறி வேண்டும். இதற்கு எத்தனை கிலோ கோழி என்று கேட்கும் இடத்தில்தான் தவறு நுழைகிறது. நூற்றுக்கு எழுபது பங்கு கறி தேறும் என்று எவரோ சொன்னதை நம்பிக் கணக்குப் போட்டால் 102.9 கிலோ கோழி போதும். வார ஆரம்ப இருப்பு 14 கிலோ, வரவு 125 கிலோ, இறுதி இருப்பு 11 கிலோ என்றால் உண்மையில் செலவானது 128 கிலோ. வித்தியாசம் 25 கிலோ, அதாவது ஏறத்தாழ 6,000 ரூபாய். இந்த எண்ணைக் கண்டதும் உரிமையாளர் கொதிப்பது இயல்பே.

அந்த எழுபதை யாரும் எடைபோட்டுப் பார்க்கவில்லை என்பதே சிக்கல். 10 கிலோ கோழியைத் தராசில் வைத்து, வழக்கமாக வெட்டுபவரையே எலும்பு நீக்கச் சொல்லி, கறி, எலும்பு, கொழுப்பும் சவ்வுமான கழிவு ஆகியவற்றைத் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும். கறி 6.2 கிலோ, எலும்பு 3.3 கிலோ, கழிவும் வடிந்த நீரும் சேர்ந்து அரைக் கிலோ என வந்தால் தேறும் பங்கு 62 சதவீதம். உடனே இரண்டு எண்கள் மாறுகின்றன. எலும்பில்லாத கறியின் அடக்க விலை கிலோ 387 ரூபாய் ஆகிறது. ஒரு தட்டுக்கான கோழிச் செலவு 61.70 ரூபாய் இல்லை, 69.70 ரூபாய். எலும்பு சூப்புக்குப் போகிறதென்றால் அதன் மதிப்பை இதில் கழிக்கலாம். ஆனால் உண்மையிலேயே சூப்புக்குப் போகும் எலும்புக்கு மட்டுமே கழிக்க வேண்டும், குப்பைக்குப் போவதற்குக் கழிப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. செலவாகியிருக்க வேண்டிய கோழியும் 116.1 கிலோவாக உயர்கிறது. 25 கிலோவாகத் தெரிந்த வித்தியாசம் இப்போது 11.9 கிலோ. மீதி 13 கிலோவை யாரும் வீணாக்கவும் இல்லை, எடுத்துச் செல்லவும் இல்லை, அது எலும்பு.

இந்த 11.9 கிலோவையும் அப்படியே சேதாரம் என்று எழுதிவிடக் கூடாது. பணியாளர் சாப்பாட்டுக்கு 5 கிலோ போயிருக்கலாம். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பி மறுபடி போட்டுக் கொடுத்த 7 தட்டுகளுக்கு 2 கிலோ. இவை அன்றன்றே ஒரு நோட்டில் ஏறியிருந்தால்தான் கழிக்க முடியும். ஏறாவிட்டால் அந்தப் பழியும் மாஸ்டர் மேல்தான் விழும். இரண்டையும் கழித்தபின் காரணம் தெரியாமல் நிற்பது 4.9 கிலோ, 1,176 ரூபாய். தேட வேண்டியது இதை மட்டும்தான்.

தேடும் வழியும் கணக்கிலேயே இருக்கிறது. 4.9 கிலோ கோழி என்பது 3 கிலோ கறி; 400 தட்டுகளுக்குப் பிரித்தால் தட்டுக்குச் சுமார் 7.6 கிராம், அதாவது ஒரு சிறு துண்டு. எண்ணெயில் போகும் முன் பத்துத் தட்டுகளுக்கான கறியை, முன்கூட்டிச் சொல்லாமல், வெவ்வேறு நேரங்களில் நிறுத்துப் பாருங்கள். 187, 188 என்று வந்தால் கையளவு கூடியிருக்கிறது. ஒரு சிறிய தராசு அதைச் சரிசெய்துவிடும். சரியாக 180 வந்தால் சமையல்கட்டை விட்டுவிட்டுச் சரக்கு இறங்கும் இடத்துக்குப் போங்கள். ஐஸ் உருகிய தண்ணீரோடு கூடையை நிறுத்து வாங்கினால் தண்ணீருக்கும் கோழி விலை கொடுக்கிறீர்கள். நீரை வடித்து, கூடையின் எடையைக் கழித்து வாங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். அதுவும் சரியென்றால்தான் பில் போடாமல் போன தட்டுகளைப் பற்றி யோசிக்க வேண்டும்; அந்தத் தவறு நடக்கும் இடமும் பெரும்பாலும் அடுப்படி இல்லை, கல்லாவுக்கும் பரிமாறும் இடத்துக்கும் நடுவே.

இருப்பு எடுப்பதில் ஒரு நுணுக்கம் அடிக்கடி தவறவிடப்படுகிறது. குளிர்பெட்டியில் மசாலா தடவி ஊறும் கறியைச் சிலர் இருப்பில் சேர்ப்பதே இல்லை. சேர்ப்பவர்கள் மசாலா எடையோடு, முழுக் கோழிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். மசாலா எடையைக் கழித்து, வந்த கறியை 0.62ஆல் வகுத்துக் கோழியாக மாற்றி எழுத வேண்டும். இந்த வாரம் வித்தியாசம் மிகுதியாகவும் அடுத்த வாரம் அதே அளவு குறைவாகவும் வந்தால் பிழை இருப்பு எடுத்ததில்தான் இருக்கும். செலவாக வேண்டியதைவிடச் செலவானது வாராவாரம் குறைவாகவே வந்தால் மகிழ வேண்டாம். தட்டில் கறி குறைகிறது, அதை வாடிக்கையாளர் உங்களுக்கு முன்பே கவனித்திருப்பார்.

62 என்பதும் நிரந்தரமான எண் இல்லை. சிறிய கோழியில் கறியின் பங்கு குறைவு, பெரியதில் கூடுதல். வெட்டுபவர் மாறினாலும் மாறும். கடை, கோழியின் அளவு, வெட்டும் ஆள் ஆகிய மூன்றில் எது மாறினாலும் மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தையும் நினைவூட்டுகிறேன். ஒருவரின் பொறுப்பில் ஒப்படைத்த பொருள் அவருடைய கவனக்குறைவால் இழக்கப்பட்டது என்றால்தான், அதுவும் அவருடைய விளக்கத்தைக் கேட்டபின்தான் கூலியில் பிடிக்கலாம் என்று 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் சொன்னது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. தேறும் பங்கை நிறுத்துப் பார்க்காமல் போட்ட கணக்கை வைத்துக் கவனக்குறைவை எப்படி நிறுவுவீர்கள்?

ஆகவே என் கோரிக்கை இதுதான். முக்கியச் சரக்குகளின் தேறும் பங்கை மாஸ்டரின் முன்னிலையில் நிறுத்துப் பார்த்து, தேதியோடு எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். வாராந்தர ஒப்பீட்டுத் தாளை அலுவலக மேசைக்குள் பூட்டி வைக்காமல் அவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். அது வரை இந்த மாதச் சம்பளத்தில் பிடித்தத்தை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓட்டல் கணக்கர் ஒருவர்