கிளிப் போட்ட பிள்ளையின் சிரிப்பு

தக்கலை
ஆடி மாதம், சனிக்கிழமை

அன்பு மக்கா,

நீ அனுப்பிய படம் நேற்று ராத்திரிதான் முழுசாக இறங்கியது. இங்கே சாரல் விட்டபாடில்லை, கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. மழையில் ரப்பர் பால் வெட்டு நின்று போனதால் ஊரில் பாதிப் பேர் டீக்கடையில்தான் இருக்கிறார்கள். அம்மாவுக்கு மூட்டு வலி தேவலை. உன்னைக் கேட்டாள். ஆவணியில் முகூர்த்தம் நிறைய இருப்பதால் கடையில் வேலைக்குப் பஞ்சமில்லை, ஆல்பம் டிசைன் பண்ணுகிற பையன்தான் நின்றுவிட்டான். சரி, அதை நேரில் பேசலாம்.

இப்போது உன் படத்துக்கு வருகிறேன். கருங்கலில் நீ எடுத்த கல்யாணம், பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் தங்கச்சி. வயசு பதினாலு, பதினைந்து இருக்கும். மேல் வரிசை முழுக்கக் கிளிப், அதில் நீல ரப்பர் வேறு. ஆல்பத்தில் கிளிப் தெரியக்கூடாது என்று அவள் அம்மா கேட்டிருக்கிறார், நீயும் எடுத்துவிட்டாய். ஆனால் "ஒட்டுப்பல் செட்டு மாட்டின மாதிரி இருக்குடே, எங்க பிசகுன்னு தெரியல" என்று எழுதியிருக்கிறாய். பெரிதாக்கிப் பார்த்தேன். நீ இரும்பை நன்றாகத்தான் அழித்திருக்கிறாய். இரும்புக்கு அடியில் இருந்திருக்க வேண்டிய பல்லைத்தான் கட்டவில்லை. தேங்காய்க் கீற்றை வரிசையாக அடுக்கியது போல் எல்லாப் பல்லும் ஒரே வெள்ளையில், ஒரே மட்டத்தில் நிற்கின்றன.

இப்படி ஆனதற்குக் காரணம், எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து நிறம் எடுத்ததுதான். முன்பல்லின் கீழ் விளிம்பில் ஒரு சுத்தமான இடம் கிடைத்ததும் போட்டோஷாப்பில் அதையே பல் முழுக்கக் குளோன் பண்ணியிருக்கிறாய். கீழ் விளிம்பில் பல் மெல்லிசு, வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவும். அதனால் அந்த இடம் லேசான சாம்பல் கலந்த குளிர்ச்சியான வெள்ளையாகத் தெரியும். ஈறுப் பக்கம் போகப் போக மஞ்சள் சாயல் ஏறும். கோரைப்பல் மற்றதைவிட இன்னும் கொஞ்சம் மஞ்சள். இந்த ஏற்ற இறக்கம் இருந்தால்தான் அது வாய்க்குள் முளைத்த பல்லாகத் தெரியும்.

நல்ல வேளையாக, கம்பியைத் தாங்குகிற சின்ன இரும்புத் துண்டான பிராக்கெட்டைப் பல்லின் நடுவில்தான் ஒட்டுவார்கள். அதனால் ஒவ்வொரு பல்லிலும் ஈறை ஒட்டி ஒரு கீற்றும், கீழ் விளிம்பில் ஒரு கீற்றும் சுத்தமாக மிஞ்சும். அந்தப் பல்லுக்கு வேண்டிய சரக்கு அதிலேயே இருக்கிறது. மேல் பாதியை மேல் கீற்றிலிருந்தும் கீழ் பாதியைக் கீழ் கீற்றிலிருந்தும் எடுத்து, நடுவில் இரண்டையும் சந்திக்க விடு. பக்கத்துப் பல்லிலிருந்து கடன் வாங்காதே. அப்படி வாங்கியே ஆகவேண்டும் என்றால் நிறத்தைச் சரிபார்த்து வாங்கு.

ஆனால் அதற்கும் முன்னால் கம்பியைக் கவனிக்க வேண்டும். நான் எப்போதும் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் கம்பி கடக்கிற இடத்தில்தான் தொடங்குவேன். அங்கே பல் இடுக்கின் கோடு அறுந்து போயிருக்கும். கம்பிக்கு மேலே தெரிகிற கோட்டைப் பார்த்து, அது எந்தச் சாய்வில் இறங்குகிறதோ அதே சாய்வில் கீழே இருக்கிற கோட்டோடு இணைக்க வேண்டும். நீ கறுப்புப் பிரஷால் நேர்க்கோடு இழுத்திருக்கிறாய். பல்லும் பல்லும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் கோடு கறுப்பாக இருக்காது, பழுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த மெல்லிய நிழலாகத்தான் இருக்கும். கீழ் விளிம்பில் இரண்டு பல்லும் வளைந்து விலகுகிற அந்தச் சின்ன முக்கோணத்தில் மட்டும் நல்ல இருட்டு. கோடு சரியாக விழுந்துவிட்டால் பல்லின் வடிவம் தானாகவே வந்துவிடும்.

கருவியைப் பொறுத்தவரை ஒன்றுதான் சொல்வேன். ஹீலிங் பிரஷை விளிம்புக்குக் கொண்டு போகாதே. அது சுற்றியிருக்கிற நிறத்தைக் கலந்து நிரப்புகிற பிரஷ். பக்கத்தில் இரும்போ உதடோ ஈறோ இருந்தால் அதையும் இழுத்து அழுக்காக அப்பிவிடும். உன் படத்தில் இடது கோரைப்பல் ஓரத்தில் சிவப்பாகக் கசிந்திருப்பது அதனால்தான். காலி லேயர் ஒன்று போட்டு, Sample என்பதில் Current & Below வைத்து, முதலில் குளோன் ஸ்டாம்பால் விளிம்புகளைக் கட்டு. ஒவ்வொரு பல்லையும் பென் டூலால் தனியாகத் தேர்ந்து, ஒரு பிக்சலுக்கு மேல் ஃபெதர் இல்லாமல் வைத்துக்கொண்டால் பிரஷ் வெளியே வழியாது. இரும்பெல்லாம் போன பிறகு பல்லின் நடுவில் திட்டுத் திட்டாக இருப்பதை மட்டும் ஹீலிங்கால் ஆற்று. கம்பியின் நிழல் சாம்பலாக மிஞ்சினால் குளோனை Lighten-இல் போட்டு, ஒபாசிட்டியை முப்பதுக்குக் குறைத்து மெல்லத் தடவு. சுற்றியுள்ள வெளிச்சப் பகுதி கெடாது.

அப்புறம் அந்த நீல ரப்பர். ரப்பரை எடுத்தாய், அதன் நீலச் சாயல் பல்லில் அப்படியே இருக்கிறது. பிளாஷ் வெளிச்சம் ரப்பரில் பட்டு ஈரப் பல்லில் தெறித்த சாயல் அது. Color மோடில் ஒரு லேயர் போட்டு, அதே பல்லின் மேல் கீற்று நிறத்தை எடுத்து இலேசாகப் பூசினால் போய்விடும், வெளிச்சமும் நிழலும் மாறாது.

இதெல்லாம் முடிந்ததும் பல் மொழுமொழுவென்று களிமண் மாதிரி ஆகிவிடும். பயப்படாதே, பல்லின் மினுக்கம் விழ வேண்டிய இடத்தில் பிராக்கெட் உட்கார்ந்திருந்ததால் அதை நாம்தான் திரும்பப் போட வேண்டும். உன் குடை லைட் இடப்பக்கம் இருந்தது என்று அவள் கண்மணியில் விழுந்த வெள்ளைப் புள்ளியே சொல்கிறது. அதனால் ஒவ்வொரு பல்லிலும் நடுவுக்குக் கொஞ்சம் இடப்புறமாக, மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய மினுக்கம். சுத்த வெள்ளை வேண்டாம், பல்லைவிட ஒரு படி வெளுப்பு போதும். அதையும் ஒரே கோடாக இழுக்காமல் இரண்டு மூன்று இடத்தில் உடைத்துவிடு. சிறு வயசுப் பல்லின் மேல் குறுக்காக நுண்ணிய வரிகள் இருக்கும், தேய்ந்து போயிருக்காது. மினுக்கம் அதில் தடுக்கித் தடுக்கித்தான் இறங்கும். முன் இரண்டு பல்லில் தெளிவாகவும், பக்கவாட்டில் போகப் போக மங்கலாகவும் இருக்கட்டும். வாயின் மூலையில் பல் இருட்டுக்குள் மறைய வேண்டும். நீ கடைவாய்ப் பல் வரை வெளுத்து வைத்திருக்கிறாய்.

இடது முன்பல்லைப் பிரதி எடுத்து Flip Horizontal பண்ணி வலது பல்லாக்கியிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. வெளிச்சம் எதிர்ப்பக்கம் போய்விட்டது, இரண்டும் ஒரே அச்சாகவும் இருக்கின்றன. அந்தப் பிள்ளையின் வலது முன்பல் ஒரு பொட்டு திரும்பி நிற்கிறது, அதை அப்படியே விடு. நம் வேலை கிளிப்பை எடுப்பது மட்டும்தான், சிகிச்சையை முடித்து வைப்பது இல்லை. பல் பிடுங்கின இடைவெளி தெரிந்தாலும் அடைக்க மாட்டேன், வீட்டார் கேட்டால் தவிர.

இனி உதடு. உன் படத்தைக் காட்டிக்கொடுப்பது பல்லைவிட இதுதான். கிளிப் போட்டால் மேல் உதடு பிராக்கெட்டின் மேல் ஏறி உட்காரும். அவளுக்கு இரண்டு கோரைப்பல் இருக்கும் இடத்திலும் உதடு சின்னதாகப் புடைத்து, புடைப்பின் மேல் ஒரு மினுக்கம், அதற்குக் கீழே பல்லில் ஒரு நிழல். நீ பிராக்கெட்டை எடுத்துவிட்டாய், புடைப்பை விட்டுவிட்டாய். உள்ளே ஒன்றுமில்லாமல் உதடு எதன் மேல் ஏறி நிற்கிறது என்று பார்ப்பவர் கண் உறுத்தும், ஏன் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது.

இதற்கு எடுத்த எடுப்பில் Liquify-க்குப் போகாதே. முதலில் புடைப்பின் மேலுள்ள மினுக்கத்தைப் பக்கத்து உதட்டு நிறத்துக்கு இறக்கு. உதட்டு வரிகளை அழிக்காமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்க வேண்டும். பாதிப் படங்களில் அதோடு புடைப்பு படுத்துவிடும். அதன் பிறகும் ஓரக்கோடு மேடாக இருந்தால் மட்டும் Forward Warp எடுத்து, புடைப்பைவிடப் பெரிய பிரஷாக, குறைந்த பிரஷரில் ஒரு தடவு. உதடு முழுவதையும் மெலிய வைத்தால் மூக்குக்கும் உதட்டுக்கும் உள்ள தூரம் மாறி முகமே வேறாகிவிடும். அம்மாக்காரி அதை ஒரு நொடியில் பிடித்துவிடுவாள். கடைசியில், உதட்டின் அடியில் பல்லின் மேல் விழுகிற நிழலை அழித்திருந்தால் திரும்பப் போடு. அந்த நிழல் இல்லையென்றால் பல் உதட்டுக்கு முன்னால் வந்து நிற்கிற மாதிரி தெரியும்.

கிளிப்பைச் சுற்றி ஈறு தடித்துச் சிவந்திருப்பதை ஒரு சாயல் குறைத்தால் போதும், வெளிறிப் போக விடாதே. கீழ் வரிசை உதட்டு நிழலில் பாதி மறைந்திருக்கிறது. அங்கே பல் கட்டி உயிரை விடாதே, இரும்பின் பளபளப்பை அணைத்தாலே இருட்டில் கலந்துவிடும். குரூப் போட்டோவில் முகம் சின்னதாக இருக்கும்போதும் இதே கதைதான்.

இருநூறு சதவீதத்தில் வேலை செய், ஆனால் தீர்ப்பை ஆல்பத்தில் வரும் அளவுக்குச் சுருக்கிச் சொல். படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் கோணல் உடனே தெரியும். பூசின பல் மட்டும் வழவழவென்று இருந்தால் மோனோகுரோமேட்டிக் நாய்ஸ் ஒரு சதவீதம் சேர்த்துப் பார், மண்டப வெளிச்சத்தில் கூட்டின ஐஎஸ்ஓ என்பதால் மற்ற இடமெல்லாம் குருணை இருக்கிறது. நெகட்டிவில் பென்சில் பிடித்து டச்சிங் பண்ணின காலத்தில் இந்த வசதியா இருந்தது?

கிளிப் கழற்றின பிறகு போடுகிற ரீட்டெய்னரைப் பற்றியும் கேட்டிருந்தாய். கழற்றி மாட்டுகிற சாதனம் என்றால் படம் எடுக்கும் அந்த ஐந்து நிமிடம் டப்பாவில் வைக்கச் சொல்லிவிடு, அதுதான் மிகச் சிறந்த ரீடச்சிங். மறந்துபோய் எடுத்துவிட்டால், முன்னால் ஒற்றைக் கம்பி ஓடுகிற வகை சுலபம், பல்லின் நடுவில் ஒரு கோடு மட்டும்தான். கண்ணாடி மாதிரி உறை மாட்டுகிற வகை படுத்தும். இரும்பு இல்லை, ஆனால் ஈறு ஓரத்தில் இரட்டை விளிம்பு விழும், பல் இடுக்கெல்லாம் நிரம்பி ஒரே தகடாக மினுங்கும். அதில் அழிப்பதைவிட இடுக்கு நிழலைத் திரும்ப எழுதுவதுதான் வேலை.

இன்னொன்று. அம்மா சொன்னாள், சரி. அந்தப் பிள்ளையிடம் கேட்டாயா? போன மாதம் மார்த்தாண்டத்திலிருந்து வந்த ஒரு பையன், "அண்ணா, கலர் ரப்பர் நானே பார்த்துப் போட்டது, எடுக்காதீங்க" என்றான். அப்பா ஒரு பக்கம் முறைக்கிறார். பெரிய பிரிண்டில் எடுத்தும், அவனுக்கு ஒன்று எடுக்காமலும் கொடுத்தனுப்பினேன்.

உன் பிஎஸ்டி ஃபைலை லேயர் சேர்க்காமல் அனுப்பு, ஜேபெக் வேண்டாம். எடுக்காத ஒரிஜினலும் கூட வேண்டும். அதே வரிசையில் அவள் வாய் மூடி லேசாகச் சிரித்த படம் ஏதாவது இருந்தால் அதையும் தேடி வை. அவள் அம்மாவுக்கு அதுவே பிடித்துவிட்டால் இத்தனை பாடும் வேண்டாம்.

உன்
பழைய கூட்டாளி