தீர்ப்புக்கு முன் ஜப்தி: பயம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

வணிக வழக்குகள் பற்றிய உங்கள் கட்டுரை, பாக்கி வைத்தவர் சொத்தை விற்கப் பார்க்கிறார் என்றால் உடனே வழக்குப் போட்டு ஜப்தி உத்தரவு வாங்கிவிடலாம் என்பதுபோல் எழுதப்பட்டிருக்கிறது. அதை நம்பி நீதிமன்றம் போகிற வியாபாரிக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஓர் உதாரணத்தை வைத்தே சொல்கிறோம்.

46 லட்சம் ரூபாய்க்கு நூல் வாங்கிய ஒருவர் பணம் தரவில்லை. அவருடைய தொழிற்கூடம் வங்கி அடமானத்தில் இருக்கிறது. வில்லங்கம் இல்லாத காலி மனைகள் இரண்டு இருந்தன. ஒன்றை இரண்டு மாதம் முன்பு மனைவி பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிட்டார். மற்றதற்குத் தரகர் மூலம் ஆள் தேடுகிறார். நூல் கொடுத்தவரின் பிரமாணப் பத்திரத்தில், 'பிரதிவாதி சொத்துகளை விற்க முயல்வதாக நம்பகமாக அறிகிறேன்' என்று ஒரே வரி. பல மனுக்கள் தோற்பது இப்படிப்பட்ட வரியால்தான்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 38 விதி 5 கேட்பது இரண்டு. கோரிக்கைக்கு வலுவான முகாந்திரம் வேண்டும். தீர்ப்பை நிறைவேற்ற முடியாமல் செய்யும் நோக்கத்தோடு பிரதிவாதி சொத்தை விற்கவோ அப்புறப்படுத்தவோ போகிறார் என்பதும் தெரிய வேண்டும். ஈடில்லாத கடனை ஈடுள்ள கடனாக மாற்றிக்கொள்ள இந்த விதியைப் பயன்படுத்த முடியாது என்று ராமன் டெக் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே விற்பனை முயற்சி என்பது மட்டும் போதாது, அதன் பின்னுள்ள நோக்கம் தெரிய வேண்டும்.

நம் உதாரணத்தில் அந்த நோக்கத்தைக் காட்டும் முதல் ஆதாரம் மனைவிக்கு எழுதிய பத்திரம். கைமாறிவிட்ட அந்த மனையை இந்த மனுவில் நேரடியாக ஜப்தி செய்வது கடினம். அதற்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் தனிப் பரிகாரம் கேட்க வேண்டும். ஆனால் எஞ்சிய மனைக்கு என்ன ஆகப்போகிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் தாள் கிடையாது. அதன் பதிவு வில்லங்கச் சான்றில் தேதியோடு இருக்கும். அத்துடன் பிரதிவாதி கையெழுத்திட்ட பாக்கி ஒப்புதல் கடிதம், தரகர் யாரிடம் எப்போது என்ன விலை சொன்னார் என்ற விவரம் எல்லாம் சேர வேண்டும். கேள்விப்பட்ட செய்தியாக இருந்தால் யார் சொன்னது என்பதையும் எழுத வேண்டும். ஜப்தி கேட்கும் மனையின் சர்வே எண், எல்லைகள், உத்தேச மதிப்பு ஆகியவையும் மனுவில் இருக்க வேண்டும்.

வணிக வழக்கில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஏ பிரிவின்படி, அவசர இடைக்கால நிவாரணம் கோராத வழக்கு முதலில் சமரச மையத்துக்குப் போயாக வேண்டும். அதைத் தவிர்க்கவே ஒப்புக்கு ஒரு ஜப்தி மனு போட்டிருக்கிறார்கள் என்று நீதிமன்றம் கண்டால் பிராதே நிராகரிக்கப்படலாம். 2023இல் யாமினி மனோகர் வழக்கு இதைச் சொன்னது. அந்த ஒற்றை வரிப் பிரமாணப் பத்திரம் மனுவை மட்டுமல்ல, வழக்கையே கவிழ்த்துவிடும்.

உத்தரவின் வாசகத்தையும் கவனிக்க வேண்டும். குறித்த நாளுக்குள் பிணை கொடு, அல்லது ஏன் கொடுக்கத் தேவையில்லை என்று காரணம் சொல் என்று பிரதிவாதிக்கு முதலில் உத்தரவிட வேண்டும். அதோடு சேர்த்தே நிபந்தனை ஜப்தியும் கேட்கலாம். பிணை கேட்கும் பகுதி விடுபட்டுப் போன ஜப்தி, 5(4)ஆம் உபவிதிப்படி செல்லாது. மனுவின் வேண்டுதலிலேயே இரண்டையும் எழுதிவிடுவது நல்லது.

உங்கள் கட்டுரை ஜப்தியோடு ஒன்றாகக் குழப்பிய முடக்க உத்தரவு வேறு. கடன் கொடுத்தவர்களை ஏமாற்ற சொத்தை விற்கக் கூடாது என்று கட்டளை 39 விதி 1(பி)யின் கீழ் தடை வாங்கலாம். அது ஆளைக் கட்டுப்படுத்தும் உத்தரவு. மீறினால் 2ஏ விதிப்படி சொத்து ஜப்தியும் 3 மாதம் வரை சிவில் சிறையும் உண்டு. ஜப்தியோ சொத்தின் மீதே விழுகிறது. அதன் பிறகு செய்யும் விற்பனை, ஜப்தியின் கீழ் வரும் உரிமைகளுக்கு எதிராகச் செல்லாது.

ஆனாலும் ஜப்திக்கு முன்பே பிறருக்கு இருந்த உரிமையை அது தொடாது. ஜப்திக்கு முந்தைய தேதியில் எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம், ஜப்திக்குப் பிறகு பதிவானாலும் நிற்கும் என்று ஹம்தா அம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் உத்தரவு வந்ததும் அமீனா மூலம் மனையில் ஒட்டுவதோடு, சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் நகல் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். சில நாள் கழித்து வில்லங்கச் சான்று எடுத்தால் ஜப்தி ஏறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வழக்கு ஜெயித்தால் மறுபடி ஜப்தி தேவையில்லை. ஆனால் வாதி ஆஜராகாமல் வழக்கு தள்ளுபடியாகிவிட்டால், பிறகு அது மீண்டும் கோப்புக்கு வந்தாலும் பழைய ஜப்தி தானாக உயிர் பெறாது. புதிதாக மனுப் போட வேண்டும். அந்த இடைவெளியில் மனை விற்றுப்போனால் வாங்கியவரை எதுவும் செய்ய முடியாமல் போகலாம்.

இப்படிக்கு,
வணிக வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்கள் சிலர்