சராசரியைச் சமமாக்கினால் போதுமா, கோமதி?

கோத்தகிரி

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே ஐப்பசி மழை இன்னும் விட்டபாடில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் எங்கே மண் சரிந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டுதான் யாரும் கீழே இறங்குகிறார்கள். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பள்ளியில் மூன்று செக்‌ஷனுக்கு மூன்று தமிழாசிரியர்கள் கட்டுரை திருத்துகிறார்கள், ஒரு செக்‌ஷன் சராசரி மற்றதைவிட மூன்று மதிப்பெண் கூடுதலாக நிற்கிறது, ஹெச்.எம். ‘எல்லாச் சராசரியையும் ஒன்றாக்கிவிடுங்கள்’ என்கிறார், சரியா என்று கேட்டிருக்கிறாய். எனக்குச் சரியாகப் படவில்லை. போன மாதம் இதே வேலையைத்தான் இங்கே செய்து முடித்தோம். நான் ஓய்வுபெற்றவள், எந்த வகுப்பும் என் கையில் இல்லை. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

இங்கே ஒரே நிர்வாகத்தில் நான்கு பள்ளிகள். கோத்தகிரியில் ஒன்று, குன்னூரில் ஒன்று, ஊட்டிப் பக்கம் ஒன்று, தேயிலை எஸ்டேட்டுக்குள் ஒன்று. ஒன்பதாம் வகுப்புக்கு ஒரே தலைப்பு: ‘நெகிழி இல்லா நீலகிரி’. மொத்தம் 20 மதிப்பெண். நான்கு பள்ளிப் பிள்ளைகளையும் ஒரே பட்டியலில் வைத்து உதவித்தொகை கொடுக்கப் போகிறார்கள். வந்த சராசரிகள் இவை: குன்னூர் 14.6, ஊட்டி 13, கோத்தகிரி 12.1, எஸ்டேட் பள்ளி 10.9. அலுவலகத்தில் உங்கள் ஹெச்.எம். சொன்னதையேதான் சொன்னார்கள். நான்கையும் 12.65-க்குக் கொண்டுவரலாம், எஸ்டேட் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1.75 கூட்டலாம், குன்னூர்க்காரர்களுக்கு 1.95 குறைக்கலாம் என்றார்கள்.

குன்னூர்ச் சராசரி உயர்ந்ததற்கு டீச்சர் தாராளமாகப் போட்டது காரணமா, பிள்ளைகள் நன்றாக எழுதியது காரணமா? அந்த ஒரு எண்ணுக்குள் இரண்டும் கலந்து கிடக்கின்றன. சராசரியை எத்தனை முறை பார்த்தாலும் பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமானால் நான்கு பள்ளித் தமிழாசிரியர்களும் ஒரே தாள்களைத் திருத்தியிருக்க வேண்டும்.

அதற்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். திருத்தத் தொடங்கும் முன்பே பள்ளிக்கு மூன்று தாள் எடுத்து ஜெராக்ஸ் போட்டு வைத்தோம். காலாண்டு மதிப்பெண்ணைப் பார்த்து மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று எடுத்தது. பெயரையும் பள்ளியையும் மறைத்து 1 முதல் 12 வரை எண் போட்டோம், பொதுத்தேர்வுத் தாள் திருத்தும் கேம்ப்பில் டம்மி நம்பர் போடுவதைப் போல. முன்கூட்டியே ஜெராக்ஸ் எடுக்காவிட்டால் சிவப்பு மை காட்டிக்கொடுத்துவிடும். ஏற்கெனவே ஒருவர் 16 போட்டதைப் பார்த்த கண்ணுக்கு அந்தத் தாள் 16 ஆகத்தான் தெரியும்.

ஒரு சனிக்கிழமை நான்கு பேரும் குன்னூரில் கூடினோம். பன்னிரண்டையும் தனித்தனியே திருத்தி, மதிப்பெண்ணைச் சீட்டில் எழுதி மடித்து என்னிடம் கொடுக்கும்வரை யாரும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கேம்ப்பில் நீயும் பார்த்திருக்கிறாய் அல்லவா? சீஃப் எக்ஸாமினர் முதலில் ‘இது பன்னிரண்டு தேறும்’ என்று வாய்விட்டால், சுற்றியிருப்பவர்கள் பதினொன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் வந்து நிற்பார்கள். அதை ஒற்றுமை என்று எடுத்துக்கொள்ள முடியாது. சீட்டுகளைப் பிரித்த பிறகு பேசும்போதும் வயதில் இளையவரைத்தான் முதலில் பேசச் சொன்னேன்.

பன்னிரண்டு தாளுக்கும் ஒவ்வொருவர் போட்ட சராசரி: குன்னூர் டீச்சர் 13.5, ஊட்டி டீச்சர் 12.5, எஸ்டேட் சார் 12.5, கோத்தகிரி சார் 11.5. எஸ்டேட் சார் நடுவில் நிற்பதைப் பார். அவர் வகுப்புச் சராசரி 10.9 என்பதற்கு அவருடைய கண்டிப்பு காரணமில்லை. நாம் பாட்டுக்கு 1.75 கூட்டியிருந்தால் இல்லாத கண்டிப்புக்கு ஈடு கொடுத்திருப்போம். கோத்தகிரி சார்தான் உண்மையில் கையிறுக்கம், அவர் வகுப்புக்கு அலுவலகக் கணக்கில் கிடைத்திருப்பதோ அரை மதிப்பெண் சொச்சம்.

ஆனால் இந்தச் சராசரியோடும் நான் நிற்கவில்லை. தாள் தாளாகப் பார்த்தால்தான் மனிதர்கள் தெரிகிறார்கள். கோத்தகிரி சார் பன்னிரண்டில் பதினொரு தாளுக்கு மற்றவர்களைவிட அரை முதல் ஒன்றரை வரை குறைத்துப் போட்டிருந்தார். எது நல்ல தாள், எது சுமார் என்பதில் அவருக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடே இல்லை. இவர் விஷயம் சுலபம், வகுப்பு முழுவதற்கும் ஒரு மதிப்பெண் கூட்டினால் தீர்ந்தது. ஒரு தாளில் நான்கு கூட்டி இன்னொன்றில் மூன்று குறைத்து, எல்லாம் சேர்ந்து ஒன்று என்று வந்திருந்தால் அந்த ஒன்றுக்கு அர்த்தமே கிடையாது.

குன்னூர் டீச்சர் நல்ல தாள்களுக்கு நம்மைப் போலத்தான் போடுகிறார். கீழ்ப் பாதி ஆறு தாள்களுக்கு மட்டும் இரண்டிரண்டு கூட. யாரையும் பத்துக்குக் கீழே விட அவருக்கு மனம் வராது. சராசரியைப் பார்த்து வகுப்பு முழுவதற்கும் ஒன்று குறைத்தால், நன்றாக எழுதிய பிள்ளைகள்தான் தண்டம் கட்டுவார்கள். அதனால் அவர் தன் வகுப்பில் 13-உம் அதற்குக் கீழும் போட்டிருந்த தாள்களை மட்டும் மறுபடி திருத்தினார்.

ஊட்டி டீச்சரின் சராசரியில் குற்றமே சொல்ல முடியாது, கச்சிதமாக நடுவில். ஆனால் மற்றவர்கள் 8 முதல் 17 வரை போட்ட அதே தாள்களுக்கு அவர் 11-லிருந்து 14-க்குள் முடித்துவிட்டார். இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மற்றவர்களின் மதிப்பெண் பரவலில் மூன்றில் ஒரு பங்குதான் இவருடையது என்றால், நடுவிலிருந்து ஒவ்வொரு மதிப்பெண்ணும் விலகும் தூரத்தை மூன்றால் பெருக்க வேண்டும். 14 என்பது 12.5-லிருந்து ஒன்றரை மேலே, அது நாலரை ஆகி 17 வரும். 11 இறங்கி 8 ஆகும். நான் இதற்கு ஒப்பவில்லை. அரை அரையாகப் போட்டாலும் 11-லிருந்து 14-க்குள் ஏழு படிகள்தான். 12 என்ற ஒரே படியில் ஆறேழு பிள்ளைகள் நின்றால், பெருக்கிய பிறகும் ஒரே படியில்தான் நிற்பார்கள். அவர் தயங்கித் தயங்கிப் போட்ட அரை மதிப்பெண் மட்டும் ஒன்றரையாகப் பெருத்துவிடும். உதவித்தொகை அந்த ஒன்றரையில் ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகும். அந்த வகுப்பை முழுவதும் மறுபடி திருத்தத்தான் வேண்டியிருந்தது. டீச்சர் முகம் சுண்டிப்போனது, வர்க்கியும் டீயும் வந்த பிறகு சமாதானமானார்.

எஸ்டேட் சார் விஷயம்தான் எனக்குப் பெரிது. சராசரி சரி, பரவலும் சரி, கணக்குப் பார்ப்பவர் யாரும் அவரைச் சந்தேகித்திருக்க மாட்டார்கள். ஆனால் 7-ஆம் எண் தாளுக்குக் குன்னூர் டீச்சரும் கோத்தகிரி சாரும் 16, 15 என்று போட்டிருக்க, அவர் 9. 4-ஆம் எண் தாளுக்கு அவர்கள் 10, 8 என்று போட்டிருக்க, இவர் 13. ஒன்று கீழே, ஒன்று மேலே போனதால் சராசரியில் தெரியவில்லை.

இரண்டையும் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். 7-ஆம் தாளை எழுதியது படுகு பேசும் வீட்டுப் பிள்ளை என்று நினைக்கிறேன். சோதனைச்சாவடியில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குகிறார்கள், மாமா கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டை யாரும் கேட்பதில்லை, அந்தக் கவரைத்தான் எங்கள் மாடு தின்றது என்று எழுதியிருந்தது. முன்னுரை, முடிவுரை எல்லாம் இருந்தன. ரகர றகரம், னகர ணகரம் என்று பதினாலு பிழை. 4-ஆம் தாளில் ஒரு பிழை கிடையாது. குறளும் பழமொழியும் வரிசையாக வந்தன. சுற்றுச்சூழல் என்ற எந்தத் தலைப்புக்கும் அதை ஒட்டிவிடலாம், நீலகிரி என்ற பெயர் முடிவுரையில் ஒருமுறை வந்தது.

சாரிடம் கேட்டால் ஒளிக்காமல் சொன்னார். பிழைக்கு அரை மதிப்பெண் வீதம் கழிப்பாராம். பதினாலு பிழைக்கு ஏழு போனால் பதினாறு ஒன்பதாகத்தானே ஆகும்? மற்றவர்களும் பிழைக்குக் கழிக்கிறார்கள், ஆனால் இரண்டு, மூன்றோடு கை நின்றுவிடுகிறது. இதுவரை யாரும் யாரிடமும் இதைப் பேசியதில்லை. விடைக்குறிப்பில் ‘பிழைகளுக்கு மதிப்பெண் குறைக்கலாம்’ என்று ஒரு வரி இருந்தது, எவ்வளவு வரை என்று இல்லை. வரிசையே மாறிப்போன வகுப்புக்கு எந்தக் கூட்டல் பெருக்கலும் உதவாது. எல்லோருக்கும் ஒன்று கூட்டினாலும் ஒன்பது வாங்கிய பிள்ளை பதின்மூன்று வாங்கிய பிள்ளைக்குப் பின்னால்தான் நிற்கும்.

அன்றே விதி எழுதினோம்: பிழைக்கு அதிகபட்சம் மூன்று, தலைப்பை விட்டு விலகினால் கருத்துக்கான பகுதியில் பாதிக்கு மேல் கிடையாது. சார் இரண்டாவதை உடனே ஏற்றுக்கொண்டார், முதலாவதற்கு மதியச் சாப்பாடு வரை வாதாடினார். ‘பிழையோடு எழுதினாலும் பரிசு என்றால் நான் எதற்கு வகுப்பில் நிற்கிறேன்’ என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. மூன்றா நான்கா என்பது தமிழாசிரியர்கள் முடிவு செய்ய வேண்டியதுதான், நான்கு பேரும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டால் எனக்குப் போதும்.

பன்னிரண்டில் நான்கை மாதிரித் தாள்களாக வைத்துக்கொண்டோம். 17, 14, 11, 7 என்று பேசி முடிவு செய்து, ஏன் அந்த மதிப்பெண் என்று கீழே இரண்டு வரி எழுதினோம். மறுபடி திருத்துகிறவர்கள் சந்தேகம் வரும்போதெல்லாம் இது 14-க்கு மேலா கீழா என்று அவற்றோடு வைத்துப் பார்த்தார்கள். பொதுத் தாள்களில் மீதமிருந்த ஒன்றை, அன்று பேசித் தீர்த்த மதிப்பெண்ணை எனக்கு மட்டும் குறித்துக்கொண்டு, ஒவ்வொருவர் கட்டிலும் இருபது தாளுக்கு அப்புறம் செருகிவிட்டேன். சாயங்காலம் ஆக ஆகக் கை இறுகுகிறதா தளர்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். எஸ்டேட் பள்ளியின் புதிய சராசரி 11.6. பெரிய மாற்றம் என்று தோன்றாது, ஆனால் முதல் ஐந்து பேரில் மூவர் மாறிவிட்டார்கள்.

இதெல்லாம் நம் ஊர் வாத்தியார்களின் குறை என்று உங்கள் ஹெச்.எம். நினைத்தால், 1912-இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் செய்ததைச் சொல். ஒரே ஆங்கில விடைத்தாளின் பிரதிகளைப் பல பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தியதில் நூற்றுக்கு 64-லிருந்து 98 வரை வந்தது. ஆங்கிலம் என்பதால்தான் இப்படி என்று சிலர் சொல்ல, அடுத்த வருடம் வடிவியல் தாளை அனுப்பினார்கள். அதில் இடைவெளி இன்னும் அகலம்.

உங்களுக்கு மூன்றே ஆசிரியர்கள் என்பதால் செக்‌ஷனுக்கு நான்கு தாள் எடுத்தால் பன்னிரண்டு வரும். ஆளுக்கு ஒரு மத்தியானம் போதும். அரையாண்டுத் தாள்கள் இன்னும் திருத்த ஆரம்பிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய், அப்படியானால் கட்டைப் பிரித்துக் கொடுக்கும் முன் ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடு. ஹெச்.எம். கையிலிருக்கும் காலாண்டுச் சராசரியை மட்டும் இப்போதைக்குத் தொட விடாதே. சீட்டில் வரும் மதிப்பெண்களை எனக்கு அனுப்பினால் கட்டம் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன், பிள்ளைகள் பெயர் வேண்டாம்.

அன்புடன்,
ரெஜினா